சராசரி விலை ஆப்ஷன்: பிழை குறைய மறுத்த ஒரு நிரலைச் சரிசெய்த பதிவு

அலுவலகத்தில் வேறு பிரிவுக்குப் போன ஒருவர் விட்டுச்சென்ற பைத்தான் நிரல் என் கைக்கு வந்தது. கச்சா எண்ணெயின் சராசரி விலை மீதான கால் ஆப்ஷனுக்கு, சமவாய்ப்பு எண்களால் ஏராளமான விலைப் பாதைகளை உருவாக்கிச் சராசரி எடுக்கும் மாண்டி கார்லோ முறையில் விலை கணிப்பது அதன் வேலை. பிழையைக் குறைக்க எதிரிணை மாறிகளும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. அதைப் பற்றி இரண்டு புகார்கள் இருந்தன. ஒன்று, விடை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வருகிறது. மற்றது, எதிரிணையைப் போட்டாலும் போடாவிட்டாலும், விடை எவ்வளவு ஆடும் என்பதைக் காட்டும் திட்டப்பிழை அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு. கண்டுபிடித்த வழியையும் பழுது தீர்ந்த பிறகு கிடைத்த அளவுகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒப்பந்தம். விமான நிறுவனம் போன்ற ஒரு வாங்குபவர் ஆண்டு முழுவதும் மாதாமாதம் எரிபொருள் வாங்குகிறார். ஆண்டின் கடைசி நாளில் விலை என்ன என்பதைவிட, பன்னிரண்டு மாதங்களின் சராசரி என்ன என்பதுதான் அவருடைய கவலை. ஆகவே ஆப்ஷனின் பணமும் சராசரியைப் பொறுத்தே வரவேண்டும்: சராசரி 80 டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகை கிடைக்கும், தாண்டாவிட்டால் எதுவும் கிடையாது. 1987இல் பேங்கர்ஸ் டிரஸ்ட் வங்கியைச் சேர்ந்த மார்க் ஸ்டாண்டிஷ், டேவிட் ஸ்பாட்டன் இருவரும் டோக்கியோவில் இருந்தபோது கச்சா எண்ணெய்க்காக இத்தகைய ஆப்ஷனுக்கு விலைச் சூத்திரம் அமைத்தார்கள். ஆசிய ஆப்ஷன் என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. லண்டன் உலோகச் சந்தையிலும் மாதச் சராசரி மீதான ஆப்ஷன்கள் உண்டு.

நான் சோதனைக்கு எடுத்துக்கொண்ட எண்கள் இவை. இன்றைய ஃபியூச்சர்ஸ் விலை 80 டாலர், சராசரி தாண்ட வேண்டிய எல்லையான ஸ்டிரைக் விலையும் 80, ஆண்டு ஏற்ற இறக்கம் 30%, வட்டி 5%, காலம் ஓராண்டு, மாத இறுதியில் ஒன்றாகப் பன்னிரண்டு விலைப் பதிவுகள். உண்மையான சந்தையில் ஒவ்வொரு மாதத்துக்கும் வெவ்வேறு ஒப்பந்தம், வெவ்வேறு ஏற்ற இறக்கம். அந்தச் சிக்கலை ஒதுக்கிவிட்டு, எல்லா மாதத்துக்கும் ஒரே விலை வரிசை என்று வைத்துக்கொண்டேன். ஃபியூச்சர்ஸ் விலை என்பதால் அதன் எதிர்பார்ப்பு மதிப்பு எந்த மாதத்திலும் 80தான். பின்னால் இது பெரிய உதவியாக இருந்தது.

சூத்திரம் போட்டு முடிக்க வேண்டியதற்கு ஏன் சமவாய்ப்பு எண்கள்? ஒவ்வொரு மாத விலையின் மடக்கையும் இயல்நிலைப் பரவலில் இருக்கிறது; ஆனால் அந்த விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரியின் பரவலுக்கு எளிய வடிவம் இல்லை. பன்னிரண்டையும் பெருக்கிப் பன்னிரண்டாம் மூலம் எடுத்தால், அதாவது பெருக்குச் சராசரி என்றால், மடக்கை மீண்டும் இயல்நிலைக்கு வந்துவிடும், பிளாக்-ஷோல்ஸ் பாணிச் சூத்திரமும் கிடைத்துவிடும். நம் எண்களுக்கு அந்த விலை 5.28 டாலர். ஒப்பந்தத்தில் இருப்பதோ கூட்டுச் சராசரி. அது பெருக்குச் சராசரியைவிட எப்போதும் கொஞ்சம் அதிகம் என்பதால் விடை 5.28க்கு மேலே இருந்தாக வேண்டும். கூட்டுச் சராசரியையும் மடக்கை இயல்நிலை என்று பாவித்துக் கணக்கிட்டால் 5.60 வருகிறது, இந்தத் தோராயம் இப்படிப்பட்ட இடங்களில் சற்று மிகையாகவே காட்டும். சராசரி இல்லாத சாதாரணக் கால் ஆப்ஷனுக்கு விலை 9.07. ஆக நிரல் தரும் விடை 5.28க்கும் 5.60க்கும் நடுவே, 5.60ஐ நெருங்கி விழ வேண்டும். கைக்கு வந்த நிரல் 6.7 என்றது.

எதையும் தொடுவதற்கு முன் எதிரிணை எதுவும் இல்லாத வெறும் நிரலைப் புதிதாக எழுதினேன். ஒப்பிட ஓர் அடித்தளம் வேண்டும்.

```python
import numpy as np

F, K, sig, r, T, n = 80.0, 80.0, 0.30, 0.05, 1.0, 12
dt = T / n
disc = np.exp(-r * T)
rng = np.random.default_rng()

def paths(Z):
    step = -0.5 * sig**2 * dt + sig * np.sqrt(dt) * Z
    return F * np.exp(np.cumsum(step, axis=1))

Z = rng.standard_normal((100_000, n))
A = paths(Z).mean(axis=1)
pay = disc * np.maximum(A - K, 0)
print(pay.mean(), pay.std(ddof=1) / np.sqrt(len(pay)))
```

ஒரு வரிசை என்பது ஒரு பாதை, அதில் பன்னிரண்டு மாதம். `step` வரியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதல் பகுதி `-0.5 * sig**2 * dt` நிலையான நகர்வு. இதில் சமவாய்ப்பு எதுவும் இல்லை. அடுக்குக்குறிச் சார்பு வளைந்து மேலேறுவதால் சராசரி தானாகவே உயர்ந்துவிடும். அந்த உயர்வைக் கழித்துச் சராசரியை 80லேயே நிறுத்துவது இந்தப் பகுதியின் வேலை. இரண்டாவது பகுதியில்தான் சமவாய்ப்பு எண் `Z` இருக்கிறது. இந்தப் பிரிவினையை நினைவில் வையுங்கள், முதல் பழுது இங்கேதான் ஒளிந்திருந்தது.

ஒரு லட்சம் பாதைகளுக்கு விடை 5.57ஐச் சுற்றியே வந்தது. ஒரு பாதையின் தள்ளுபடி செய்த பணத்துக்குத் திட்டவிலக்கம் சுமார் 9.3. அதை ஒரு லட்சத்தின் வர்க்கமூலமான 316ஆல் வகுத்தால் திட்டப்பிழை கிட்டத்தட்ட 0.03. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை பெரும்பாலும் 5.51க்கும் 5.63க்கும் இடையே ஆடும் என்று பொருள். இதைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டுமானால் பாதைகளை நூறு மடங்காக்க வேண்டும்; அதாவது ஒரு கோடி பாதைகள். பிழையைக் குறைக்கத் தந்திரம் தேடுவது இதனால்தான்.

எதிரிணை என்பது 1956இல் ஹாமர்ஸ்லியும் மோர்ட்டனும் முன்வைத்த யோசனை. ஒரு பாதைக்குப் பன்னிரண்டு சமவாய்ப்பு எண்கள் எடுத்தால், அதே பன்னிரண்டின் குறியையும் மாற்றி இரண்டாவது பாதை ஒன்று போடுவது. இயல்நிலைப் பரவல் இருபுறமும் சமச்சீரானது என்பதால், குறி மாற்றிய எண்களும் அதே பரவலில்தான் இருக்கின்றன. ஆகவே இரண்டாவது பாதையும் தன்னளவில் முறையான பாதையே. முதல் பாதை ஏறினால் இரண்டாவது இறங்கும். இரண்டின் பணத்தையும் சராசரி எடுத்தால் ஏற்றமும் இறக்கமும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

இப்போது பழைய நிரலுக்கு வருகிறேன். அதில் எதிரிணைப் பாதை இப்படி உருவாகியிருந்தது:

```python
anti = F * np.exp(np.cumsum(-step, axis=1))
```

பார்வைக்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் குறி மாறியது `Z`க்கு மட்டுமல்ல, `step` முழுவதற்கும். நிலையான நகர்வும் சேர்ந்து திரும்பிவிட்டது. கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டது. இதனால் எதிரிணைப் பாதைகளின் சராசரி 80இல் நிற்காமல் 84.02க்குப் போகிறது, இரு பாதிகளும் சேர்ந்து 82.01 ஆகிறது. விலை 6.7க்கு ஏறியதன் காரணம் இதுவே. எத்தனை கோடி பாதைகள் போட்டாலும் இந்தப் பிழை குறையாது. திட்டப்பிழை சுருங்கச் சுருங்கத் தவறான விடை மேலும் உறுதியோடு நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க நான் வைத்த சோதனை இரண்டு. முதலாவது, `A`யின் சராசரி 80 வருகிறதா என்று பார்ப்பது. எதிரிணை சரியாக இருந்தால் இந்தச் சோதனை மிகக் கூர்மையானது. சராசரி விலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் மாறுவதால் ஏற்றமும் இறக்கமும் ஏறத்தாழ முழுதாகவே கழிந்து போய்விடும், 80இலிருந்து சிறு விலகல்கூடக் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. அதற்கு ஒரே ஒரு சோடி போதும். பாதை ஒன்றையும் அதன் எதிரிணையையும் எடுத்து, இரண்டின் பெருக்குச் சராசரிகளையும் பெருக்கிப் பாருங்கள். மடக்கையில் சமவாய்ப்புப் பகுதி ஒன்றில் கூடுதலாகவும் மற்றதில் அதே அளவு குறைவாகவும் இருப்பதால் முழுதாக ஒழிந்துவிடும். மீதி இருப்பது நிலையான நகர்வு மட்டும். நம் எண்களில் சராசரிக் காலம் 13/24 ஆண்டு. ஆக ஒரு பாதையின் நகர்வு −0.045 × 13/24, இரண்டுக்கும் சேர்த்து −0.04875. பெருக்கல் தொகை எந்தச் சோடியிலும் 6400 × exp(−0.04875), அதாவது 6095.5. சமவாய்ப்பு எண்கள் எதுவாக இருந்தாலும் இது மாறக்கூடாது. பழைய நிரலில் முதல் சோடியிலேயே 6400.0 என்று வந்தது. நகர்வு தன்னையே அடித்துக்கொண்டு மறைந்திருந்தது. இதற்குப் புள்ளியியலே தேவையில்லை, தசமம் பிசகினாலே பழுது என்று சொல்லிவிடலாம். மாதத்துக்கு மாதம் புதிய எண்ணை எடுத்துவிட்டு எதிரிணை என்று நினைத்துக்கொண்டிருக்கும் நிரலையும் இது உடனே காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் அங்கே பெருக்கல் தொகை சோடிக்குச் சோடி மாறும்.

திருத்தம் ஒரே வரிதான்: `paths(-Z)`. விலை 5.57க்கு இறங்கிவிட்டது. பெருக்குச் சராசரிக்கும் அதே பாதைகளை ஓட்டி 5.28 வருகிறதா என்று ஒத்துப்பார்த்தேன், வந்தது. விடை தெரிந்த கணக்கை முதலில் ஓட்டிப் பார்க்காமல் விடை தெரியாத கணக்கை நம்புவது எனக்கு ஒருபோதும் ஒத்துவராது.

அடுத்தது திட்டப்பிழை. பழைய நிரல் ஐம்பதாயிரம் பாதைகளையும் அவற்றின் ஐம்பதாயிரம் எதிரிணைகளையும் ஒரே நீள வரிசையாக அடுக்கி, ஒரு லட்சம் எண்களின் திட்டவிலக்கத்தை 316ஆல் வகுத்தது. விடை 0.03 வந்தது. வராமல் என்ன செய்யும்? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பாதையும் முன்பிருந்த அதே பரவலில்தான் இருக்கிறது. எதிரிணையின் நன்மை முழுக்கச் சோடிக்குள் இருக்கும் உறவில் இருக்கிறது. ஒரு லட்சத்தையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எண்ணிக் கணக்கிட்டால் அந்த உறவு கணக்கிலேயே வராது. பிழை உண்மையில் குறைந்துதான் இருந்தது, அளவுகோல் அதைப் பார்க்கவில்லை.

சரியான முறையில், ஒரு சோடியின் சராசரியே ஓர் அளவீடு. சோடிகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை, ஆகவே வழக்கமான சூத்திரம் அவற்றுக்குத் தடையின்றிப் பொருந்தும்.

```python
M = 50_000
Z = rng.standard_normal((M, n))
up = disc * np.maximum(paths(Z).mean(axis=1) - K, 0)
dn = disc * np.maximum(paths(-Z).mean(axis=1) - K, 0)
pair = 0.5 * (up + dn)
print(pair.mean(), pair.std(ddof=1) / np.sqrt(M))
print(np.corrcoef(up, dn)[0, 1])
```

இப்போது திட்டப்பிழை 0.024. ஒட்டுறவுக் கெழு −0.36. பிழை 0.03இலிருந்து 0.024க்கு வந்தது, ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிழையின் வர்க்கத்தைப் பார்க்கும் பரவற்படிக் கணக்கில் 0.64 மடங்கு, அதாவது ஒரு லட்சம் பாதைகள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேலான பாதைகளின் வேலையைச் செய்கின்றன. சமவாய்ப்பு எண்களில் பாதி எடுத்தால் போதும் என்பதால் கொஞ்சம் நேரமும் மிச்சம். இலவசமாகக் கிடைத்தது என்ற வகையில் சரி. ஆனால் எதிரிணை என்றாலே பிழை மாயமாகிவிடும் என்று எண்ணியிருந்த எங்கள் குழுவினருக்கு இந்த எண் ஏமாற்றமாக இருந்தது. ஏன் இவ்வளவுதான் என்று கேட்டார்கள்.

விடை 6095.5இலேயே இருக்கிறது. அதன் வர்க்கமூலம் 78.07. ஆகவே சோடியில் இரண்டின் பெருக்குச் சராசரியும் ஒரே சமயத்தில் 78.07ஐத் தாண்ட முடியாது. ஒன்று 90 என்றால் மற்றது 67.7. கூட்டுச் சராசரி சற்றே கூடுதல் என்றாலும், ஸ்டிரைக் 80 என்னும்போது ஒரு சோடியில் அநேகமாக ஒரு பாதைக்குத்தான் பணம் வரும், மற்றதற்குப் பூஜ்யம். பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம் என்பதால் `up`, `dn` இரண்டின் பெருக்கலுடைய சராசரியும் ஏறத்தாழப் பூஜ்யம். அப்படியானால் இணைப் பரவற்படி என்பது விலையின் வர்க்கத்துக்குக் குறி மாற்றியது, அவ்வளவே: −5.57². அதை 9.3²ஆல் வகுத்துப் பாருங்கள், −31.0 / 86.5 = −0.36. கணினி சொன்ன எண் காகிதத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஈடுகட்டல் எங்கே நின்றுபோகிறது என்பதும் இதில் தெரிகிறது. 90க்குப் போன பாதை பத்து டாலர் சம்பாதிக்கிறது, 67.7க்கு இறங்கிய பாதை அதற்கு ஈடாகப் பன்னிரண்டு டாலர் இழக்க வேண்டும். ஆனால் ஆப்ஷன் இழப்பைப் பூஜ்யத்தில் வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட பகுதி அளவுக்கு ஈடுகட்டலும் போய்விடுகிறது.

இதே காரணம் ஸ்டிரைக் விலையை மாற்றும்போது என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடும். ஸ்டிரைக்கை 60க்கு இறக்கினேன். பெரும்பாலான சோடிகளில் இப்போது இரண்டு பாதைகளுக்கும் பணம் வருகிறது, வெட்டு அபூர்வம், பணம் சராசரியோடு ஏறத்தாழ நேர்கோட்டில் நகர்கிறது. ஒட்டுறவு −0.9ஐத் தொட்டது, பரவற்படி பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. ஸ்டிரைக்கை 110க்கு ஏற்றினால் கதை தலைகீழ். பாதைகளில் பெரும்பாலானவை பூஜ்யம், எப்போதாவது ஒன்று பெரிய தொகை தருகிறது, அதன் எதிரிணையிடம் ஈடுகட்ட எதுவும் இல்லை. ஒட்டுறவு −0.02 அளவில்தான் வந்தது. அங்கே எதிரிணை கெடுதல் செய்யாது, நல்லதும் செய்யாது. உண்மையில் ஒரு லட்சம் பாதைகளில் சில ஆயிரமே எண்ணிக்கையில் சேரும் அந்த மூலைக்குத்தான் பிழைக் குறைப்பு அதிகம் தேவை. இந்த முறை அங்கே கைவிரித்துவிடுகிறது.

கெடுதல் செய்யும் இடமும் உண்டு. எங்கள் பட்டியலில் ஸ்டிராடில் ஒன்றும் இருந்தது: சராசரி 80இலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் விலகிய தொகை கிடைக்கும். கால் ஆப்ஷனில் விலை ஏறினால் பணம் ஏறும், ஒருபோதும் குறையாது. புட் ஆப்ஷனில் அதற்கு நேர்மாறு. பணம் இப்படி ஒரே திசையில் மட்டும் மாறும்வரை சோடிக்குள் ஒட்டுறவு நேர்க்குறிக்குப் போகாது என்பதற்கு நிறுவல் இருக்கிறது. ஸ்டிராடிலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாதை மேலே போனாலும் பணம், எதிரிணை கீழே போனாலும் பணம். கிட்டத்தட்ட ஒரே தொகை. ஒட்டுறவு +0.9க்குப் பக்கத்தில் வந்தது. இரண்டாவது பாதை புதிதாக எதையும் சொல்லவில்லை, ஐம்பதாயிரம் பாதைகளையே இருமுறை எண்ணியதற்குச் சமம். பரவற்படி ஏறத்தாழ இரட்டிப்பானது.

பழைய அளவுகோலின் ஆபத்தும் இங்கேதான் முழுதாக வெளிப்பட்டது. கால் ஆப்ஷனுக்கு அது பிழையை மிகையாகச் சொன்னது, நஷ்டம் ஒன்றுமில்லை. ஸ்டிராடிலுக்கோ ஒரு லட்சம் எண்கள் என்று வகுத்து 0.028 அளவு என்றது, சோடி முறையில் அது 0.038ஐ நெருங்குகிறது. விடையைக் காட்டிலும் நம்பிக்கை அதிகம். ஸ்டிராடிலுக்குச் சரியான விலை சுமார் 11.14 வர வேண்டும் என்பதை இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம்: ஸ்டிரைக்கும் ஃபியூச்சர்ஸ் விலையும் ஒன்றாக இருப்பதால் காலும் புட்டும் ஒரே விலை, ஆகவே இரண்டு மடங்கு 5.57.

குழுவில் எழுந்த அடுத்த கேள்வி, 0.024ம் போதாது என்றால் என்ன செய்வது என்பது. எதிரிணையை இன்னும் அழுத்திப் பயனில்லை. இந்த ஆப்ஷனுக்கென்றே கெம்னாவும் வோர்ஸ்டும் 1990இல் காட்டிய வழி இருக்கிறது: பெருக்குச் சராசரி ஆப்ஷனையும் அதே பாதைகளில் ஓட்டி, அதற்கு வந்த விடை சூத்திர விலையான 5.28இலிருந்து எவ்வளவு விலகியதோ அதை வைத்துக் கூட்டுச் சராசரி விடையைத் திருத்துவது. இரண்டு பணமும் ஒன்றோடொன்று கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே நகர்கின்றன, ஒட்டுறவு 0.999ஐத் தாண்டுகிறது. அதே ஒரு லட்சம் பாதைகளுக்குப் பிழை 0.001 என்ற அளவுக்குச் சுருங்குகிறது. எதிரிணை ஒன்றரை மடங்கு தந்த இடத்தில் இது நூற்றுக்கணக்கான மடங்கு தருகிறது. ஆனால் பக்கத்தில் விடை தெரிந்த ஓர் உறவுக்கார ஆப்ஷன் இருந்தால்தான் இந்த வழி. பதிவு நாட்களுக்கு நடுவே தடை விலையைத் தொட்டால் ஒப்பந்தம் ரத்து என்பது போன்ற நிபந்தனைகள் சேர்ந்தால் அந்த உறவு தளர்ந்துவிடும். எதிரிணைக்கு அப்படி எதுவும் தெரிய வேண்டியதில்லை, அதனால்தான் அதை நிரலில் விட்டுவைத்திருக்கிறேன்.

இப்போது நிரல் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் விலை, திட்டப்பிழை இவற்றோடு சோடியின் ஒட்டுறவையும் அச்சிடுகிறது. தொடக்கத்தில் முதல் சோடியின் பெருக்கல் தொகையைச் சரிபார்த்து, 6095.5 போல உரிய எண் வராவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறது. ஒட்டுறவு நேர்க்குறியில் வந்தால் எதிரிணையை விட்டுவிட்டு ஒரு லட்சம் தனிப் பாதைகளை ஓட்டுகிறது. ஸ்டிராடில் மட்டும் இப்போது அந்த வழியில் போகிறது.